6203 பேரிங் ஆர்டர்: சூத்திரம் 9,295 என்கிறது, எங்கே பிழை?

#1 பீளமேடு கணக்கர்

வணக்கம். கோவையில் என் மைத்துனர் நடத்தும் சிறிய மோனோபிளாக் பம்ப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பம்புக்கு இரண்டு 6203 பேரிங் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து பம்ப், வருடத்துக்கு 300 வேலை நாள். ஆகவே வருடத் தேவை 6,000 பேரிங். ஒன்றின் விலை 125 ரூபாய். இதுவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை 250 பேரிங் வாங்கிவருகிறோம். ஏன் 250 என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. மைத்துனரின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

சிக்கன ஆர்டர் அளவு என்று கல்லூரியில் படித்த சூத்திரம் நினைவுக்கு வந்தது. போட்டுப் பார்த்தேன்.

```
Q = √(2 × D × S / H)
D = 6000,  S = 9000,  H = 1.25
Q = 9295
```

S என்பது ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு. கொள்முதல் பார்க்கும் பையனின் சம்பளம் மாதம் 18,000. வருடத்துக்கு 24 ஆர்டர் போடுகிறோம். 2,16,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் 9,000. H என்பது ஒரு பேரிங்கை வைத்திருக்கும் செலவு. வங்கி ஓவர்டிராஃப்டுக்கு மாதம் ஒரு சதவிகித வட்டி என்பதால் 1.25 ரூபாய்.

விடையைப் பார்த்தால் பதினெட்டு மாதத்துக்கு மேல் வரும் சரக்கை ஒரே தடவையில் வாங்கச் சொல்கிறது! மைத்துனரிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது. சூத்திரம் தவறா, நான் தவறா?

#2 பழைய ஸ்டோர்ஸ்காரர்

சூத்திரம் சரி. நீங்கள் அதற்குள் போட்ட மூன்று எண்களில் இரண்டு தவறு. முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன் என்பதால் இந்த இரண்டு தவறுகளையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு: தேவையை வருடத்துக்கு எடுத்தீர்கள், வட்டியை மாதத்துக்கு எடுத்தீர்கள். இரண்டும் ஒரே காலத்துக்கு இருக்க வேண்டும். வருட வட்டி 12 சதவிகிதம் என்றால் ஒரு பேரிங்குக்கு 15 ரூபாய். வட்டி மட்டும் போதாது, காப்பீடு, துருப்பிடித்துக் கழிவது, பெட்டியிலிருந்து ஒன்றிரண்டு காணாமல் போவது எல்லாம் உண்டு. அதற்கு ஒரு 5 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். H = 20.

இரண்டாவது தவறுதான் பெரியது. அந்தப் பையனின் சம்பளத்தை ஏன் ஆர்டர் செலவில் சேர்த்தீர்கள்? 24 ஆர்டர் போட்டாலும் 10 ஆர்டர் போட்டாலும் அவருக்கு 18,000 கொடுக்கத்தானே போகிறீர்கள்? ஆர்டரின் எண்ணிக்கை கூடினால் கூடி, குறைந்தால் குறைகிற செலவு மட்டுமே S. எழுந்துபோய் உங்கள் வவுச்சர் கட்டைப் புரட்டுங்கள். ஒரு சரக்கு வந்த நாளில் கையை விட்டுப் போன பணம் என்னென்ன என்று எழுதுங்கள்.

#3 பீளமேடு கணக்கர்

ஐயா, புரட்டிவிட்டேன். போன மாதம் 14ஆம் தேதி வந்த சரக்குக்கு: பார்சல் சர்வீஸ் ஒரு பார்சலுக்கென்று வாங்கியது 280. பார்சல் ஆபீஸிலிருந்து பட்டறைக்கு ஆட்டோ 150. வந்த பேரிங்கில் சிலவற்றைச் சுழற்றிப் பார்த்துச் சோதிக்க ஃபிட்டருக்கு ஓவர்டைம் 170. மொத்தம் 600 ரூபாய். மற்ற வவுச்சர்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

#4 பழைய ஸ்டோர்ஸ்காரர்

இப்போது போடுங்கள். 2 × 6000 × 600 ÷ 20 = 3,60,000. வர்க்கமூலம் 600. ஒரு தடவைக்கு 600 பேரிங், வருடத்துக்குப் பத்து ஆர்டர்.

இது பொருத்தமான விடைதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆர்டர் செலவு 10 × 600 = 6,000. கையில் சராசரியாக இருப்பது 300 பேரிங் என்பதால் இருப்புச் செலவு 300 × 20 = 6,000. இரண்டும் சமம். மொத்தம் 12,000. நீங்கள் இதுவரை செய்துவந்த 250க்குப் பாருங்கள்: ஆர்டருக்கு 14,400, இருப்புக்கு 2,500, மொத்தம் 16,900. ஒரே ஒரு பேரிங் வகையில் வருடம் 4,900 ரூபாய் போகிறது.

#5 சிஏ படிக்கும் தம்பி

இந்தச் சோதனை ஒன்றே போதும் என்று தோன்றுகிறது. இரண்டு செலவும் சமமாகும் இடம்தான் குறைந்த செலவு என்றால் நுண்கணிதம் எதற்கு? DS/Q = HQ/2 என்று எழுதினால் இரண்டு வரியில் விடை வந்துவிடுகிறதே.

#6 வகையீட்டு ஆசிரியை

விடை வந்துவிடும் தம்பி, ஆனால் ஏன் வந்தது என்று தெரியாமல் வரும். சமமாக இருப்பதற்கும் குறைவாக இருப்பதற்கும் இயல்பாக ஒரு தொடர்பும் இல்லை. இந்தக் கணக்கில் அவை ஒரே இடத்தில் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

ஒரு தடவைக்கு Q வாங்கினால் வருடத்தில் D/Q தடவை வாங்க வேண்டும். சரக்கு வந்த அன்று Q இருக்கும், நாளுக்கு இருபதாகக் குறைந்து சுழிக்கு வரும், அன்றே அடுத்த சரக்கு இறங்கும். வரைந்தால் ரம்பப் பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு முக்கோணம் என்பதால் சராசரி இருப்பு Q/2.

```
C(Q)  = DS/Q + HQ/2
C'(Q) = −DS/Q² + H/2
C''(Q) = 2DS/Q³
```

வகைக்கெழுவின் இரண்டு உறுப்புகளையும் பேரிங் மொழியில் படிக்க வேண்டும். கூடுதலாக ஒரு பேரிங் சேர்த்து வாங்கினால் இருப்புச் செலவு எப்போதும் 10 ரூபாய் ஏறும். அது Q எவ்வளவாக இருந்தாலும் மாறாது. அதே ஒரு பேரிங்கால் ஆர்டர் செலவில் மிச்சமாவது DS/Q². 250 வாங்கும்போது அது 36,00,000 ÷ 62,500, அதாவது 57 ரூபாய் 60 காசு. பத்து ரூபாய் கொடுத்து 57 ரூபாய் மிச்சம் பிடிக்க யார்தான் மறுப்பார்கள்? ஆகவே Q ஏறுகிறது. ஏற ஏற மிச்சம் கரைகிறது: 400இல் 22.50, 500இல் 14.40, 600இல் சரியாக 10. அதற்கு மேல் ஏறினால் கொடுப்பது அதிகம், மிச்சம் குறைவு. வகைக்கெழு சுழியாகிறது என்பதன் பொருள் இதுதான். Q எப்போதும் மிகை எண் என்பதால் இரண்டாம் வகைக்கெழுவும் மிகை. வளைகோடு கிண்ணம் போல மேல்நோக்கியே வளைந்திருக்கிறது, ஆகவே இது சிறுமமே.

இப்போது C' = 0 என்பதை இருபுறமும் Q ஆல் பெருக்கிப் பாருங்கள். DS/Q = HQ/2 என்று வரும். சரிவுகள் சமமாகும் இடத்தில் செலவுகளும் சமமாவது இப்படித்தான். ஒரு செலவு 1/Q ஆகவும் மற்றது Q ஆகவும் இருப்பதால் மட்டுமே இது நடக்கிறது. செலவின் வடிவம் மாறினால் உங்கள் குறுக்குவழி உங்களைக் கைவிட்டுவிடும்.

#7 தஞ்சை பேக்கரி அம்மா

நுழைவதற்கு மன்னிக்கவும். நான் படித்தது பத்தாவதுதான், ஆனால் #4 புரிந்தது. என் பேக்கரிக்கு நாளுக்கு இரண்டு மூட்டை மைதா, வருடத்துக்கு 720 மூட்டை. ஒரு மூட்டை 2,000 ரூபாய். மில்லிலிருந்து கொண்டுவரும் வண்டி வாடகை தடவைக்கு 400. 12 சதவிகித வட்டி என்றால் மூட்டைக்கு 240 ஆகிறது. என் மகள் போட்டுப் பார்த்து 49 மூட்டை என்றாள். 49 மூட்டை தீர ஏறக்குறைய 25 நாள் ஆகும். மழைக்காலத்தில் என் கடையில் பதினைந்து நாள் தாண்டினால் மைதாவில் வண்டு வந்துவிடுகிறது. 49 வாங்குவதா, வேண்டாமா?

#8 வகையீட்டு ஆசிரியை

வேண்டாம் அம்மா. உங்கள் கணக்கில் Q 30ஐத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பதினைந்து நாளில் தீர்வது 30 மூட்டைதான். 30இல் நின்று பார்த்தால் வளைகோடு இன்னும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வகைக்கெழு சுழியாகவில்லை, குறையாகவே இருக்கிறது. ஆனால் வண்டு ஒரு சுவர் எழுப்பிவிட்டது. இறங்கும் சரிவில் சுவர் இருந்தால் சுவரை ஒட்டி நிற்பதே மிகத் தாழ்ந்த இடம். ஆகவே மழைக்காலத்தில் 30 மூட்டை.

தம்பிக்கு: இங்கே வருடக் கணக்கில் வண்டி வாடகை 9,600, இருப்புச் செலவு 3,600. சமமே இல்லை. ஆனாலும் அந்த அம்மாவால் எட்டக்கூடிய மிகக் குறைந்த செலவு இதுதான். சூத்திரம் சொன்ன 49க்கு மொத்தம் சுமார் 11,760 ஆகியிருக்கும், 30க்கு 13,200. இந்த 1,440 ரூபாய் வண்டுக்குக் கொடுக்கும் விலை.

#9 தஞ்சை பேக்கரி அம்மா

இத்தனை நாளாக 20 மூட்டைதான் எடுத்துவந்தேன். மிக்க நன்றி டீச்சர். வெயில் காலத்தில் எத்தனை நாள் தாங்குகிறது என்று இனி எழுதிவைக்கிறேன்.

#10 திருப்பூர் வாசகர்

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சரக்கு வரத் தாமதமானால் பட்டறை நின்றுவிடும். எங்கள் ஊரில் நூல் வராமல் இரண்டு நாள் தறி நின்றது, அந்த நஷ்டத்துக்கு முன் இந்த 4,900 ரூபாய் ஒன்றுமே இல்லை. ஆகவே 600 என்பது குறைவு, 1,500 வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#11 பழைய ஸ்டோர்ஸ்காரர்

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. எவ்வளவு வாங்குவது என்பது ஒன்று, எப்போது வாங்குவது என்பது வேறொன்று. ஆர்டர் போட்டு ஆறு வேலை நாளில் பேரிங் வருகிறது என்றால் கையில் 120 இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும். தாமதத்துக்குப் பயந்தால் அந்த 120ஐ 200 ஆக்குங்கள். கூடுதல் 80 பேரிங்குக்கு வருடம் 1,600 ரூபாய் இருப்புச் செலவு, நிம்மதி கிடைக்கும். 1,500 வாங்கினாலும் கடைசி இருபதில்தான் அடுத்த ஆர்டர் போடுவீர்கள் என்றால் தறி நிற்கத்தான் செய்யும்.

#12 பீளமேடு கணக்கர்

எனக்கு ஒரு சந்தேகம். என் 600 ரூபாயும் 20 ரூபாயும் ஏறக்குறைய எடுத்தவைதான். அந்த 5 ரூபாய் நீங்கள் சும்மா சொன்னது. இவ்வளவு தோராயத்தின் மேல் கட்டிய விடையை நம்பலாமா?

#13 பழைய ஸ்டோர்ஸ்காரர்

இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். சில அளவுகளுக்கு மொத்தச் செலவைப் பாருங்கள்: 400க்கு 13,000. 500க்கு 12,200. 600க்கு 12,000. 900க்கு மீண்டும் 13,000. கிண்ணத்தின் அடி அவ்வளவு தட்டை. ஒரு மடங்கு தவறிப்போய் 1,200 வாங்கினாலும் 15,000தான், கால் பங்கு கூடுதல்.

400ம் 900மும் ஒரே செலவு என்பதைக் கவனியுங்கள். குறைவாக 200 வாங்கியதும் அதிகமாக 300 வாங்கியதும் ஒரே நஷ்டம். கிண்ணம் இடப்புறம் செங்குத்து, வலப்புறம் சாய்வு. ஐயம் வந்தால் மேலே போங்கள் என்று எங்கள் ஸ்டோர்ஸில் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஆர்டர் செலவு உண்மையில் 900 என்றே வைத்துக்கொள்வோம். சரியான அளவு 735. தெரியாமல் நீங்கள் 600 வாங்கினால், 735க்கு ஆகும் செலவைவிட இரண்டு சதவிகிதம்தான் கூடும். உள்ளே போட்ட எண்ணின் தவறு வர்க்கமூலத்தில் ஒருமுறை சுருங்குகிறது, தட்டையான அடியில் இன்னொருமுறை சுருங்குகிறது. முதலில் நீங்கள் போட்டவை தோராயமே அல்ல, பதினாறு மடங்கும் பதினைந்து மடங்கும் தள்ளிப்போன எண்கள். அவ்வளவு பெரிய பிழையை எந்த வர்க்கமூலமும் காப்பாற்றாது.

1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்தக் கணக்கை ஒரு தொழிற்சாலை மேலாண்மை இதழில் எழுதினார். ஒரே தடவையில் எத்தனை பாகங்கள் செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி. அவருக்கு ஆர்டர் செலவு என்பது இயந்திரத்தை ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி அமைக்கும் செலவு. பின்னால் 1934இல் எழுதிய வில்சனின் பெயரில் பல இடங்களில் இது வழங்குகிறது. ஹாரிஸுக்கு உரியதை ஹாரிஸுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

#14 சிஏ படிக்கும் தம்பி

#6க்கு நன்றி, என் தவறு புரிந்தது. ஆனால் வேறொன்று கேட்கிறேன். சப்ளையர் 30 நாள் கடன் கொடுக்கிறாரா? கொடுத்தால் வட்டியே இல்லையே. சரக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் பணம் போகிறது. அப்போது H என்பது 20 அல்ல, வெறும் 5. போட்டால் Q = 1,200.

#15 பீளமேடு கணக்கர்

ஆமாம், ஒவ்வொரு பில்லுக்கும் பில் தேதியிலிருந்து 30 நாள் கொடுக்கிறார். இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

#16 பழைய ஸ்டோர்ஸ்காரர்

தம்பி, நன்றாகக் கவனித்தீர்கள், ஆனால் 1,200 சரியல்ல. இவர் ஓவர்டிராஃப்ட் கணக்கு வைத்திருப்பவர். வருடத்தில் வரும் 6,000 பேரிங்கும், எத்தனை தவணையாக வந்தாலும், ஒவ்வொன்றுக்கும் பணம் ஒரு மாதம் தள்ளிப் போகிறது. 6,000 × 125 × ஒரு சதவிகிதம் = 7,500 ரூபாய் வட்டி மிச்சம். 300ஆக வாங்கினாலும் 7,500, 600ஆக வாங்கினாலும் 7,500. அது Q வைப் பொறுத்தது அல்ல. டீச்சர் மொழியில் சொன்னால் மாறிலி, வகையீடு செய்தால் காணாமல் போய்விடும். கிண்ணம் முழுவதுமாக 7,500 ரூபாய் கீழே இறங்கும், அடி நகராது. 600 தான்.

#17 சிஏ படிக்கும் தம்பி

ஓவர்டிராஃப்ட் இல்லாதவருக்கு? என் அப்பா கடையில் கடன் கணக்கே கிடையாது. விற்ற பணம் நடப்புக் கணக்கில் வட்டியில்லாமல் கிடக்கிறது. முதல் மாதத்தில் விற்ற பேரிங்கின் பணம் முன்னாலேயே கைக்கு வந்து என்ன பயன்? அவருக்கு அந்த 7,500 முழுவதும் கிடைக்காதே. சொந்தப் பணத்தைப் போடுவது 30ஆம் நாளில் விற்காமல் மிஞ்சிய சரக்குக்கு மட்டும்தான்.

#18 வகையீட்டு ஆசிரியை

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு மாதத்தில் 500 பேரிங் போகிறது. Q வாங்கினால் 30ஆம் நாளில் மிஞ்சுவது Q − 500. அந்தச் சிறிய முக்கோணத்துக்கு மட்டும் 15 ரூபாய் வீதம் முதலீட்டுச் செலவு. துரு, காப்பீட்டுக்கான 5 ரூபாய் மட்டும் முழு முக்கோணத்துக்கும் உண்டு.

```
C(Q) = 3600000/Q + 5Q/2 + 15(Q − 500)²/(2Q)
     = 5475000/Q + 10Q − 7500
C'(Q) = 0  →  Q = √547500 ≈ 740
```

ஆகவே தம்பி சொன்ன திசை சரி, தூரம் தவறு. அளவு ஏறுகிறது, ஆனால் 1,200க்கு அல்ல, 740க்கு. 1,200 வாங்கினால் 30ஆம் நாளுக்குப் பிறகு 700 பேரிங்குக்குச் சொந்தப் பணம் முடங்கும், அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. கடைசி வரியில் −7500 என்று நிற்பதைப் பாருங்கள். ஸ்டோர்ஸ் ஐயா சொன்ன அதே மாறிலி இங்கேயும் எட்டிப்பார்க்கிறது.

#19 பழைய ஸ்டோர்ஸ்காரர்

டீச்சர், அழகாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மறுப்பு. நடப்புக் கணக்கில் பணம் சும்மா கிடக்கிறது என்றால் அதன் செலவு 12 சதவிகிதம் என்று 30ஆம் நாளுக்குப் பிறகு மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? சும்மா கிடக்கும் பணத்தைச் சரக்கில் போட்டால் இழப்பது என்ன? இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

#20 வகையீட்டு ஆசிரியை

அந்தப் பணத்தை எடுத்து வேறு சரக்கு வாங்க முடியாமல் போகிறதே, அதுதான் இழப்பு. எண் 12 ஆக இருக்க வேண்டியதில்லை, சுழியாகவும் இருக்காது. அதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், வகைக்கெழு சொல்லாது.

#21 பீளமேடு கணக்கர்

மைத்துனரிடம் காட்டிவிட்டேன். 600 என்றதும் ஒப்புக்கொண்டார், ஆனால் உடனே இன்னொன்றைக் கிளப்பினார். 2,000 எடுத்தால் சப்ளையர் இரண்டு சதவிகிதம் தள்ளுபடி தருகிறேன் என்று வெகுநாளாகச் சொல்கிறாராம். சூத்திரத்தில் விலையே பெரிதாக வரவில்லை, இதை எங்கே போடுவது?

#22 பழைய ஸ்டோர்ஸ்காரர்

வகையீட்டில் தேடாதீர்கள். 2,000ஐத் தொட்ட இடத்தில் செலவு படிக்கட்டு போலச் சட்டென்று இறங்குகிறது, அந்தப் படியைச் சரிவு காட்டாது. இரண்டு இடத்தையும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும்.

விலை 122.50 ஆகிறது. 6,000 பேரிங்கில் 15,000 ரூபாய் மிச்சம். மறுபுறம் மூன்றே ஆர்டர் என்பதால் 1,800. ஒரு பேரிங்குக்கு வட்டி 14.70, மற்றது 5, சராசரி இருப்பு 1,000, ஆகவே 19,700. மொத்தம் 21,500. 600இல் ஆன 12,000த்தைவிட 9,500 கூடுதல். 15,000 வந்து 9,500 போனால் மிச்சம் 5,500. காகிதத்தில் தள்ளுபடிதான் லாபம்.

ஆனால் ஒரு பில் 2,45,000 ரூபாய். அதைக் கட்டும் நாளில் உங்கள் ஓவர்டிராஃப்ட் வரம்பில் எவ்வளவு மீதம் இருக்கும்?

#23 பீளமேடு கணக்கர்

வரம்பு பத்து லட்சம். சம்பளமும் வார்ப்படக்காரர் பில்லும் ஒன்றாக வரும் வாரத்தில் மீதம் ஒரு லட்சம்கூட இருப்பதில்லை. மற்ற வாரங்களில் மூன்று லட்சம் வரை இருக்கிறது.

#24 பழைய ஸ்டோர்ஸ்காரர்

அப்படியென்றால் பில் தேதியிலிருந்து முப்பதாம் நாள் எந்த வாரத்தில் விழுகிறது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப ஆர்டர் தேதியைச் சப்ளையரிடம் பேசுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் 2,000. ஒப்புக்கொள்ளாவிட்டால் 600இலேயே நில்லுங்கள்.

#25 பீளமேடு கணக்கர்

நாளை மறுநாள் கையிருப்பு 200க்கு வருகிறது. அதற்குள் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.